நிழல் எங்கே போனது? எட்டு வயதுப் பிள்ளைகளிடம் பாட முடிவில் கேட்க வேண்டியவை

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2 வகுப்பில் இருப்பவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள். ஜொகூரின் தென்மேற்கே, சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாவது பாலத்தை ஒட்டியிருக்கும் கெலாங் பாத்தா வட்டாரத்தில் இந்த வயதுப் பிள்ளை ஒருத்தி அறிவியலைத் தமிழில் படிக்கிறாள். பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் இதே வயதுப் பிள்ளைக்கு அறிவியல் பாடம் இன்னும் தொடங்கியிருக்காது. அங்கே அது தொடக்கநிலை 3இல்தான் வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில். கெலாங் பாத்தா பிள்ளைக்கோ ஒளி, நிழல், கரைதல், காற்று ஆகியவற்றைத் தன் தாய்மொழியில், தன் சொந்தப் பேச்சில் விளக்கிப் பார்க்கும் வாய்ப்பு எட்டு வயதிலேயே கிடைக்கிறது. அந்த வாய்ப்பு பயன்படுகிறதா, வீணாகிறதா என்பது பெரும்பாலும் பாடத்தின் கடைசிச் சில நிமிடங்களில் ஆசிரியர் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

தேர்வுகள் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு எடை இல்லை. 2019ஆம் ஆண்டு முதல் ஆண்டு 1, 2, 3 மாணவர்களுக்கான பள்ளித் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் ரத்தானது. அவற்றின் இடத்தில் இன்று இருப்பது வகுப்புசார் மதிப்பீடு. பிள்ளை எந்த அடைவுநிலையில் இருக்கிறாள் என்பதை, வகுப்பில் தாம் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து ஆசிரியரே முடிவு செய்கிறார். முதல் அடைவுநிலை நினைவுகூர்தல், இரண்டாவது புரிந்துகொண்டதை விளக்குதல், மூன்றாவது பயன்படுத்துதல். முதல் படியையும் இரண்டாம் படியையும் பிரித்தறிய வேண்டுமானால், பிள்ளை விளக்குவதை ஆசிரியர் காதால் கேட்டாக வேண்டும். அதற்கு ஏற்ற கேள்வியை எப்படி அமைப்பது, எப்படிக் கேட்பது, வரும் விடையை எப்படிப் படிப்பது என்பதை ஒரே ஒரு பாடத்தை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அந்தப் பாடம் நிழல்.

பழகிப்போன மூன்று கேள்விகள்

பாட முடிவில் அதிகம் கேட்கப்படுவது "புரிஞ்சதா?" என்ற கேள்வி. "புரிஞ்சது டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடும். புரிந்தவளும் சொல்வாள், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவனும் சொல்வான். இந்த விடையிலிருந்து ஆசிரியருக்குத் தெரியவருவது எதுவுமில்லை. பிள்ளை பொய் சொல்வதால் இப்படி ஆவதில்லை. தனக்குப் புரிந்திருக்கிறதா என்று மதிப்பிடுவதே ஒரு தனித்திறன். விளக்கிப் பார்ப்பதற்கு முன் அந்த மதிப்பீடு பெரியவர்களுக்கும் பிழையாகத்தான் வருகிறது.

இரண்டாவது, "இன்னைக்கு என்ன படிச்சோம்?" என்பது. இதற்குப் பெரும்பாலும் தலைப்போ செயலோதான் விடையாக வரும்: "நிழல்", "டார்ச் லைட் அடிச்சோம்". எட்டு வயதுப் பிள்ளையின் நினைவில் பாடம் ஒரு நிகழ்ச்சியாகத்தான் நிற்கிறது. அதிலிருந்து கருத்தைத் தானே பிரித்தெடுத்துச் சொல்வது அவளுக்குக் கடினம். 1994இல் மார்ஜரி டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. சிறு குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத செய்திகளைக் கற்றுக்கொடுத்து, இது உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார்கள். குறிப்பாக 4 வயதுக் குழந்தைகளில் பலர், சற்றுமுன் கற்றதை நெடுநாளாகவே தெரியும் என்றார்கள். எட்டு வயதில் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனாலும் 'இன்று நான் புதிதாகக் கற்றது' என்ற ஒன்றைத் தனியே எடுத்துப் பார்க்கும் திறன் வயதோடு வளர்வது என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. அந்தத் திறன் முழுதாக வந்துவிட்டது என்று நம்பிக் கேட்கும் கேள்வி, பிள்ளையைத் தலைப்பைச் சொல்லித் தப்பிக்க வைக்கிறது.

மூன்றாவது, "நிழல் எவ்வாறு உருவாகிறது?" என்ற பாடநூல் கேள்வி. கேட்பதற்கு இது விளக்கம் கோரும் கேள்வியாகவே இருக்கிறது. ஆனால் வெண்பலகையில் "ஒளி தடைபடும்போது நிழல் உருவாகிறது" என்ற வாக்கியம் இன்னும் அழியாமல் இருக்கும். பிள்ளை அதைப் பார்த்து வாசிப்பாள், அல்லது நினைவிலிருந்து ஒப்பிப்பாள். வாக்கியத்தில் குறையே இருக்காது. அதற்குப் பின்னால் அவள் மனத்தில் நிழலைப் பற்றி என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

சரியான வாக்கியத்திற்குப் பின்னால் இருப்பது

அங்கே என்ன இருக்கக்கூடும் என்பதை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1927இல் வெளியான தம் நூலில் நிழலுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். இயற்கை நிகழ்வுகளுக்குக் குழந்தைகள் சொல்லும் காரணங்களைப் பற்றிய நூல் அது. பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, இந்த நிழல் எங்கிருந்து வருகிறது, விளக்கை இங்கே வைத்தால் எந்தப் பக்கம் விழும், இரவில் அந்த நிழல் இருக்குமா என்று கேட்டார்.

சிறியவர்கள், மரத்தடியிலிருந்தோ இரவிலிருந்தோ இருட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது என்றார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்கள், பொருளே நிழலை வெளியே விடுகிறது என்றார்கள். பியாஜே சராசரியாக 8 வயதில் வைத்த மூன்றாம் நிலைதான் நமக்கு முக்கியமானது. அந்நிலையில் உள்ள பிள்ளை, விளக்கை இந்தப் பக்கம் வைத்தால் நிழல் அந்தப் பக்கம் விழும் என்று சரியாகவே சொல்கிறாள். ஆனால் அவளுக்கு நிழல் இன்னும் ஒரு பொருள்தான். அது உடம்பிலிருந்து வருகிறது; வெளிச்சத்தைக் கண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது; இரவிலும் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஒளி போய்ச் சேராத இடமே நிழல் என்ற கருத்து அதற்கடுத்த நிலையில்தான் வருகிறது. அதற்கு அவர் குறித்த சராசரி வயது 9.

வயதுக் கணக்கு இடத்துக்கு இடம், பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பியாஜே கண்ட ஒன்று ஆசிரியருக்கு இன்றும் உதவும். சரியாகக் கணிக்கும் பிள்ளையும் தவறான காரணத்தை நம்பிக்கொண்டிருக்கலாம். எனவே "நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் அவளும் தேறிவிடுவாள். "விளக்கை அணைச்சதும் நிழல் எங்கே போச்சு?" என்று கேட்கும்போதுதான், நிழலை ஒரு பொருளாக நினைப்பவளும் ஒளி இல்லாத இடமாக நினைப்பவளும் வேறுவேறு விடை சொல்வார்கள். நல்ல முடிவுக் கேள்வியின் முதல் இலக்கணம் இதுதான்: இரண்டு விதமாக நினைக்கும் பிள்ளைகளிடமிருந்து அது இரண்டு விதமான விடைகளை வரவழைக்க வேண்டும்.

விளக்கிச் சொல்வதால் என்ன நடக்கிறது

விளக்கம் கேட்பது ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கு மட்டும் உரியதன்று. விளக்கும் பிள்ளையின் மனத்திலும் அது மாற்றம் உண்டாக்குகிறது. இதைப் பற்றிய ஆய்வுகளில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

2004இல் கேண்டிஸ் மில்ஸும் ஃபிராங்க் கைலும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம், அவர்களுக்குப் பழக்கமான கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று முதலில் மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு விளக்கச் சொன்னார்கள். மறுபடியும் மதிப்பிடச் சொன்னார்கள். நம் ஆண்டு 2 பிள்ளைகளின் வயதை ஒத்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், பெரியவர்களைப் போலவே, முதலில் தம்மை உயர்வாக மதிப்பிட்டுவிட்டு, விளக்க முயன்ற பிறகு மதிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். "புரிஞ்சதா?" என்பதைக் கேட்க வேண்டிய இடம் எது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. விளக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்டால், எட்டு வயதுப் பிள்ளையும் ஓரளவு உண்மையான விடையே தருவாள்.

இரண்டாவது, ராபர்ட் சீக்லர் 1995இல் வெளியிட்ட ஆய்வு. பொருள்களின் வரிசையை நீட்டினாலும் சுருக்கினாலும் எண்ணிக்கை மாறாது என்பதை இன்னும் அறியாத 5 வயதுக் குழந்தைகளை அவர் மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு விடை சரியா தவறா என்பது மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினர் தம் விடைக்குத் தாமே காரணம் சொன்ன பிறகு சரி, தவறு சொல்லப்பட்டது. மூன்றாம் பிரிவினரிடம் ஆய்வாளர் சரியான விடையைச் சொல்லிவிட்டு, "எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். அதிகம் முன்னேறியவர்கள் மூன்றாம் பிரிவினரே. தன் சொந்த விடைக்குக் காரணம் சொல்லும் பிள்ளை, அந்த விடை தவறாக இருந்தால், தவறுக்கே முட்டுக்கொடுக்க நேர்கிறது. சரியான முடிவுக்குக் காரணம் தேடும் பிள்ளை அந்த முடிவைத் தாங்கும் கருத்தைத் தேடிப் போகிறாள்.

மூன்றாவது ஆய்வு எல்லையைக் காட்டுகிறது. கிரிஸ்டின் லெகாரேயும் தானியா லொம்ப்ரோஸோவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பற்சக்கரங்கள் கொண்ட ஒரு விளையாட்டுக் கருவியைச் சிறு குழந்தைகளிடம் காட்டினார்கள். அதை விளக்கச் சொல்லப்பட்ட குழந்தைகள் சக்கரங்கள் ஒன்றையொன்று இயக்கும் விதத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சக்கரங்களின் நிறம் போன்ற விவரங்களை நினைவில் வைப்பதில் விளக்கம் அவர்களுக்கு உதவவில்லை. ஆகவே முடிவில் "ஏன்?" என்று கேட்பது எல்லாப் பாடத்திற்கும் மருந்தாகாது. கிழமைகளின் பெயர், எழுத்தின் வரிவடிவம், வாய்பாடு ஆகியவற்றுக்குத் திரும்பத் திரும்ப நினைவுகூர்வதே வழி. ஒன்றினால் மற்றொன்று நிகழ்கிறது என்ற தொடர்பு இருக்கும் பாடத்தில்தான் விளக்கம் கேட்பது பலன் தரும். நிழல் அப்படிப்பட்ட பாடம்.

ஒரு பாடம்: டார்ச், அழிப்பான், புட்டி

இரண்டு பாடவேளைகள் சேர்ந்த 60 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். சன்னல் திரைகள் இழுத்துவிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டார்ச் லைட், ஓர் அழிப்பான், தண்ணீர் இல்லாத தெளிவான நெகிழிப் புட்டி, எண்ணெய்த்தாள் ஒரு துண்டு, வெள்ளைத்தாள் ஒட்டிய அட்டை ஒன்று. பிள்ளைகள் டார்ச்சை ஒவ்வொரு பொருளின் மீதும் காட்டி, அட்டையில் விழும் நிழலைப் பார்க்கிறார்கள். அழிப்பானின் நிழல் கருமையாகவும் ஓரம் திட்டமாகவும் விழுகிறது. எண்ணெய்த்தாளின் நிழல் மங்கல். புட்டியின் நிழல் மிக மெலிது. அதன் விளிம்பும் அடிப்பாகமும் மட்டும் சற்றுத் தெளிவாகத் தெரிகின்றன.

52ஆம் நிமிடத்தில் பொருள்களை எடுத்துவைத்தாயிற்று. வெண்பலகை அழிக்கப்பட்டுவிட்டது. இந்தச் சிறு செயல் மிக முக்கியமானது, பலகையில் இருப்பதை வாசித்து விடை சொல்ல வழியில்லாமல் செய்வதற்கு. ஆசிரியர் டார்ச்சை மறுபடி அழிப்பான் மீது காட்டுகிறார். நிழல் தெரிகிறது. அணைக்கிறார். "இப்போ நிழல் எங்கே போச்சு? ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று கேட்கிறார்.

வரக்கூடிய விடைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

"நிழல் அழிப்பானுக்குள்ள போயிருச்சு டீச்சர்." இந்தப் பிள்ளைக்கு நிழல் பொருளின் உடைமை. பாடம் முழுக்கச் செய்த சோதனை அவள் கருத்தைத் தொடவில்லை.

"அங்கேயேதான் இருக்கு. இருட்டா இருக்கறதால தெரியல." பியாஜே சொன்ன மூன்றாம் நிலையின் விடை இது. இதைத் தவறு என்று தள்ளிவிடுவதற்கு முன், பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கும் நிழல் தெரிவதற்கும் தொடர்பு இருப்பதை அவள் பிடித்துவிட்டாள். தெரிவதற்கு மட்டுமன்றி, உண்டாவதற்கே வெளிச்சம் வேண்டும் என்பதுதான் பாக்கி.

"லைட் இல்லன்னா நிழல் இல்ல." இது சரியான கூற்று. ஆனால் இதில் காரணம் இல்லை. விதி மட்டுமே இருக்கிறது. "லைட் எப்படி நிழலைச் செய்யுது?" என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். "லைட் பட்டதும் அழிப்பான்லேருந்து நிழல் வெளிய வருது" என்று அவள் சொன்னால், முதல் வகைக்கே திரும்புகிறோம்.

"லைட் வந்துச்சு, அழிப்பான் மறைச்சுக்கிச்சு. அதுக்குப் பின்னால லைட் போகல, அதான் கருப்பு. இப்ப எங்கேயுமே லைட் இல்ல, எல்லாமே கருப்புதான்." இலக்கணமாகப் பார்த்தால் இது ஒழுங்கற்ற பேச்சு. அறிவியலாகப் பார்த்தால் ஒளி வருவது, தடைபடுவது, பின்னால் சென்று சேராதது, அந்த இடமே நிழல் என்ற நான்கு கண்ணிகளும் வரிசையாக இருக்கின்றன. "ஒளி தடைபடும்போது நிழல் உருவாகிறது" என்று பிழையில்லாமல் ஒப்பிக்கும் விடையைவிட ஆசிரியருக்கு இதிலிருந்து தெரியவருவது அதிகம்.

இரண்டாவது கேள்வி சீக்லரின் வழியில் அமைகிறது. சரியான கண்டுபிடிப்பை ஆசிரியரே சொல்லிவிடுகிறார்: "பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒருத்தி, புட்டிக்கும் நிழல் உண்டு, ஆனா ரொம்ப மெலிசா இருக்குன்னு சொன்னா. அவ சொன்னது சரி. அவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" இங்கே பிள்ளை தன் விடையைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இல்லை. யாரோ ஒருத்தியின் சரியான முடிவுக்குக் காரணம் தேடினால் போதும். "கொஞ்சம் லைட் புட்டிக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிருச்சு, கொஞ்சம் மட்டும் போகல" என்பது போன்ற விடைக்கு இது வழிவிடுகிறது. முதல் கேள்வியில் வாய் திறக்காத பிள்ளைகளும் இதில் பேசுவதற்கு இடமுண்டு. ஒரு பாடத்துக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்கு நேரமும் இருக்காது. பிள்ளைகளின் கவனமும் இருக்காது.

எட்டு நிமிடங்களைச் செலவிடும் முறை

கேள்வி நன்றாக அமைந்தாலும் கேட்கும் முறையால் அது கெட்டுப்போகலாம். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அல்லது அதற்கும் குறைவாகவே காத்திருந்தார்கள் என்று கண்டார். மாணவர் பேசி முடித்ததும் ஆசிரியர் அதே வேகத்தில் குறுக்கிட்டார். இந்த இரண்டு இடங்களிலும் காத்திருப்பு 3 விநாடிக்கு மேல் போனபோது விடைகள் பல மடங்கு நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. காரணத்தோடு கூடிய பேச்சு கூடியது. இரண்டாவது இடத்தில் காத்திருப்பதுதான் ஆசிரியர்கள் அதிகம் மறப்பது. "லைட் இல்லன்னா நிழல் இல்ல" என்று பிள்ளை நிறுத்தியதும் "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மூன்று விநாடி பேசாமல் அவள் முகத்தைப் பார்த்தால், பல பிள்ளைகள் தாமாகவே "ஏன்னா..." என்று தொடர்வார்கள்.

எட்டு நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் அரை நிமிடம் யாரும் கை தூக்காமல் யோசிப்பதற்கு. அடுத்த ஒன்றரை நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்ப்பதற்கு. இந்த நேரத்தில் ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து காது கொடுக்கலாம். பிறகு நான்கு நிமிடம், நான்கு பிள்ளைகளைக் கேட்பதற்கு. கடைசி இரண்டு நிமிடம் அரைத்தாளில் படம் வரைய: டார்ச், அழிப்பான், நிழல், ஒளி போகும் வழியைக் காட்டும் கோடுகள், முடிந்தால் ஒரு வரி எழுத்து. இந்தப் படம் பேசத் தயங்கும் பிள்ளைக்கும் வழிவிடுகிறது. கோடுகள் அழிப்பானைத் துளைத்துக்கொண்டு நிழலில் போய் முடிகின்றனவா, அழிப்பானிலேயே நிற்கின்றனவா என்று பார்த்தாலே அவள் கருத்து தெரிந்துவிடும்.

அந்த நான்கு பிள்ளைகளை ஆசிரியர் தெரிந்தெடுக்க வேண்டும். கை தூக்குபவர்களையே கேட்டால் ஆண்டு முழுவதும் அதே நான்கைந்து குரல்களைத்தான் கேட்போம். ஐஸ்குச்சிகளில் பெயர் எழுதி, எடுத்தவற்றைத் தனியே வைத்தால், 28 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏழு பாடங்களுக்குள் எல்லாரும் ஒருமுறை விளக்கியிருப்பார்கள். பெயர் எடுப்பது இருவர் பேச்சு முடிந்த பிறகே நடக்க வேண்டும். அப்போது யாரும் வெறுங்கையோடு எழுந்து நிற்க மாட்டார்கள். தன் விடை இல்லாவிட்டாலும் பக்கத்துப் பிள்ளையின் விடையாவது இருக்கும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். ஜொகூரில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் பேச்சில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இயல்பாகக் கலந்திருக்கும். "லம்பு அடைச்சிட்டா கெலாப் ஆயிரும் டீச்சர்" என்று அவள் சொல்லலாம். அந்த நேரத்தில் ஆசிரியர் குறுக்கிட்டு ஒவ்வொரு சொல்லையும் திருத்தினால், அவள் யோசித்துக்கொண்டிருந்த காரணம் பாதியில் அறுந்துவிடும். அடுத்த முறை அவள் பாதுகாப்பான வழியைத் தேடுவாள். பாடநூல் வாக்கியத்தை ஒப்பிப்பாள். முதலில் அவளை முழுதாகப் பேசவிட வேண்டும். பேசி முடித்ததும், "நீ சொன்ன மாதிரி, ஒளியை அழிப்பான் தடுத்திருச்சு" என்று தமிழ்ச் சொல்லை அவள் கருத்தோடு சேர்த்து ஆசிரியர் சொல்லலாம். தமிழ்ப்பள்ளி தமிழைக் கற்றுத்தரும் கடமையைக் கைவிட வேண்டியதில்லை. கருத்து முதலில் வர, கலைச்சொல் அதைத் தொடர்ந்து வந்தால், அந்தச் சொல் பிள்ளைக்குப் பொருளோடு பதியும்.

கெட்டுப்போகும் இடங்கள்

இந்த முறை எங்கே சறுக்குகிறது என்பதை வகுப்பிலேயே கண்டுகொள்ள முடியும். முதலில் பேசிய பிள்ளை கெட்டிக்காரியாக இருந்து, அதன் பிறகு வரும் மூன்று விடைகளும் அவள் சொற்களிலேயே வந்தால், கேட்டது நான்கு விளக்கங்கள் அல்ல, ஒன்றுதான். அதற்கு மாற்று, முதல் விடையைச் சரி என்றும் தவறு என்றும் சொல்லாமல் "இதே மாதிரி நினைக்கிறவங்க யாரு? வேற மாதிரி நினைக்கிறவங்க யாரு?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போவது.

பிள்ளை பாதி சொன்னதும் மீதியை ஆசிரியர் நிரப்புவது இன்னொரு சறுக்கல். "லைட் போகல..." என்று அவள் இழுக்க, "அதாவது ஒளி தடைபட்டதால் நிழல் உருவாச்சு, அப்படித்தானே?" என்று ஆசிரியர் முடித்துவைக்கிறார். அவள் தலையாட்டுகிறாள். அந்த விளக்கம் ஆசிரியருடையது. பதிவேட்டில் மட்டும் பிள்ளையின் பெயரில் ஏறும். எட்டு நிமிடத்தில் தாம் எவ்வளவு பேசினோம், பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள் என்பதைக் கைப்பேசியில் ஒருமுறை பதிவுசெய்து கேட்டாலே ஆசிரியருக்கு இது தெரிந்துவிடும்.

தவறான விடையோடு மணி அடித்துவிடுவதுதான் ஆசிரியர்களை அதிகம் அஞ்சவைப்பது. பிள்ளை தவறான கருத்தோடு வீட்டுக்குப் போகிறாளே என்று அவசரமாக ஒரு வாக்கியத்தில் திருத்திவிடத் தோன்றும். அந்தத் திருத்தம் நிற்காது. வெளிச்சத்தைக் கண்டு ஓடும் நிழல் என்பது அந்தப் பிள்ளை தான் கண்ட அத்தனை நிழல்களையும் வைத்துக் கட்டிய கருத்து. ஒற்றை வாக்கியத்துக்கு அது வழிவிடாது. அதே நேரம் அதை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. அந்த விடையே அடுத்த பாடத்தின் பீடிகையாக வேண்டும்.

அடுத்த பாடத்துக்குக் கொண்டுபோவது

கெலாங் பாத்தா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. அந்த ஊரில் நிழல் ஓர் அருமையான பயிற்றுத்துணைப் பொருள். காலை பத்து மணியளவில், ஓய்வு நேரத்தில், பிள்ளையின் நிழல் மேற்குப் பக்கமாக ஏறத்தாழ அவள் உயரத்துக்கே நீண்டிருக்கும். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அந்த நிழலும் அதை ஒட்டியே இருக்கும், சில மாதங்களில் சற்றுக் கூடுதலாக. மலேசிய நேரப்படி அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணியை ஒட்டி. மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தை ஒட்டியும் செப்டம்பரின் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் அந்த நேரத்தில் நிழல் ஏறக்குறையக் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஜூன் மாதத்தில் அதே நேரத்தில் அது தெற்கே சாயும், டிசம்பரில் வடக்கே.

"நிழல் அங்கேயேதான் இருக்கு, தெரியலை" என்று சொன்ன பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஓய்வு நேரத்தில் அவள் நிழலைத் தோழி சுண்ணக்கட்டியால் தரையில் வரையட்டும். பள்ளி முடியும் முன் அதே இடத்தில், அதே காலடிக் குறிகளில் அவள் மறுபடி நிற்கட்டும். காலையில் கறுத்திருந்த தரையில் இப்போது வெயில் அடிக்கிறது. "காலையில இங்க இருந்த நிழல் எங்க போச்சு? இப்ப இங்க என்ன இருக்கு?" என்று அப்போது கேட்க வேண்டும். நிழல் ஓடிப்போயிற்று என்று முதலில் சொல்பவளும், காலையில் தன் உடல் மறைத்த வெயில் இப்போது அங்கே வந்து சேர்கிறது என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லத் தொடங்குவாள். உடனே எல்லாருக்கும் அது விளங்கிவிடாது. சிலருக்கு இன்னும் ஓராண்டு ஆகலாம். ஆனால் யாருக்கு எது விளங்கவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் தெளிவு பதிவாக வேண்டிய இடம் நாள் பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டமான சிந்தனை மீட்சி. இன்று பல பாடத்திட்டங்களில் அங்கே காண்பது "28 மாணவர்களுள் 24 பேர் நோக்கத்தை அடைந்தனர்" என்ற அச்சு வாக்கியம். எந்த நான்கு பேர், எதை அடையவில்லை, அந்த 24 பேரும் எதை அடைந்தார்கள் என்பது அதில் இல்லை. அடுத்த பாடத்தைத் திட்டமிட அந்த எண் உதவாது. அதற்குப் பதிலாக மூன்று வரி எழுதலாம்: ஒரு பிள்ளை சொன்ன சிறந்த விளக்கம், அவள் சொற்களிலேயே; அடிக்கடி வந்த தவறான கருத்து, அதுவும் பிள்ளையின் சொற்களிலேயே; அதற்காக அடுத்த பாடத்தில் செய்யப்போவது. "இருட்டுல நிழல் இருக்கு, தெரியாது என்று ஐவர் கருதுகின்றனர், நாளை திடலில் நிழல் வரைதல்" என்ற ஒரு வரி, அடைவுநிலையைத் தீர்மானிக்கும் நாளில் ஆசிரியருக்குச் சான்றாகவும் நிற்கும்.

தலைமையாசிரியர்களுக்கும் பாடத்திட்டத்தைப் பார்வையிடும் அதிகாரிகளுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். சிந்தனை மீட்சியில் எண் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பிள்ளையின் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய முயல வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடம், காரணமும் விளைவும் தெளிவாக இருக்கும் பாடமாகத் தேர்ந்து, அதற்கு இரண்டு கேள்விகளை முந்தைய நாளே எழுதிவைத்து, கடைசி எட்டு நிமிடத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதியில் பெற்றோர் வந்து தம் பிள்ளையின் அடைவுநிலை ஏன் இரண்டு, ஏன் மூன்று என்று கேட்கும்போது, அவர்கள் பிள்ளை சொன்ன சொற்களையே எடுத்துக் காட்ட உங்களால் முடியும்.